கண் ஓரத்தில் மின்னல், அப்புறம் ஒரு திரை

திங்கள் இரவு சித்தப்பாவுக்கு வலது கண் ஓரத்தில் மின்னல் வெட்டியது. விளக்கை அணைத்தாலும், கண்ணை மூடினாலும் பளிச் பளிச். காலையில் கொசுக்கூட்டம் போலக் கரும்புள்ளிகள். வலி துளிகூட இல்லை. சம்பா நடவு நேரம், மன்னார்குடி கண் டாக்டரிடம் அப்புறம் போகலாம் என்று விட்டுவிட்டார். வியாழக்கிழமை வரப்பில் நிற்கும்போது கீழேயிருந்து ஒரு கறுப்புத் திரை ஏறியது. சாயங்காலத்துக்குள் எதிரே நின்ற என் முகமே அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை.

சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரியவைத்துப் பார்த்தார் டாக்டர். விழித்திரையின் மேல்பகுதியில் கிழிசல். (பிம்பம் தலைகீழாக விழுவதால் நிழல் கீழே தெரியுமாம்.) அந்தக் கிழிசல் வழியே கண்ணுக்குள் இருக்கும் நீர் பின்னால் புகுந்து, ஈரச் சுவரில் ஒட்டிய காகிதம் மாதிரி விழித்திரையை உரித்துக்கொண்டே போகிறது. செவ்வாய்க்கிழமையே போயிருந்தால், ஒருவேளை கிழிசலைச் சுற்றி லேசர் வைப்பதோடு முடிந்திருக்கும். திரையின் நடுப்பகுதி உரிவதற்குள் ஆபரேஷன் நடந்தால் படிக்கும் பார்வை பெரும்பாலும் தப்பும். சித்தப்பாவுக்கு அதுவும் உரிந்துவிட்டது. ஆபரேஷனில் திரை ஒட்டியது. பேப்பர் எழுத்து மட்டும் இன்னும் வளைந்தே தெரிகிறது.

அதிக மைனஸ் பவர் உள்ளவர்கள், கண்புரை ஆபரேஷன் செய்தவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள் இதைக் கேளுங்கள். மின்னலோ புதுப் புள்ளிகளோ தெரிந்தால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். சொட்டு மருந்துக்குப் பிறகு சில மணி நேரம் பார்வை மங்கும், வண்டி ஓட்ட ஒருவரைக் கூட்டிப் போங்கள்.