தண்ணீர்த் தொட்டி ஃபார்வர்டை ஓர் அறிவிப்பாக மாற்றிய கதை

எங்கள் குடியிருப்பில் மேல்நிலைத் தொட்டியைச் சுத்தம் செய்யப் போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. எங்கிருந்தோ கிளம்பி, இரண்டு மூன்று பேர் கைமாறி என்னிடம் வந்த ஃபார்வர்டு. செய்தி நீளமாக இருந்ததால் பாதியில் மடங்கிக்கொண்டது. மீதியைப் படிக்க ஒரு தட்டு தட்டித் திறக்க வேண்டும். திறந்தால் வணக்கம், சங்கத்தின் சேவைகள், போன முறை நடந்த சிரமம், கைகூப்பிய படங்கள், அதற்கு நடுவே எங்கேயோ நேரம். எங்கள் குரூப்பில் பாதிப் பேர் அதை முழுக்கப் படிக்கவில்லை என்பது, “எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கும்?” என்று தொடர்ந்து வந்த கேள்விகளிலேயே தெரிந்தது. பதில் அந்தச் செய்திக்குள்தான் இருந்தது.

அதை ஒழுங்காக எழுதித் தருகிறேன் என்று நானே சொல்லிவிட்டேன். செய்தியை அழுத்திப் பிடித்து நகலெடுத்து, எனக்கு நானே செய்தி அனுப்பிக்கொள்ளும் அரட்டையில் ஒட்டினேன். சோதனை பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. அனுப்பிய பிறகு எப்படித் தெரியும் என்பதை அங்கேயே பார்த்துவிடலாம், வேறு யாரும் பார்க்க மாட்டார்கள்.

நகலெடுத்து ஒட்டும்போது ‘ஃபார்வர்டு செய்யப்பட்டது’ என்ற அடையாளம் போய்விடும். அதாவது, அது இனி என் பெயரில் போகும் செய்தி. அதனால் அதில் உள்ள ஒவ்வொரு தகவலுக்கும் நான்தான் பொறுப்பு. இது தோன்றியதும், தடித்த எழுத்துக்கும் பட்டியலுக்கும் போடும் குறிகளைத் தொடாமல் முதலில் உள்ளடக்கத்தைப் பார்க்க உட்கார்ந்தேன். அதைச் செய்தது நல்லதாயிற்று. செய்தியில் “நாளை” என்று இருந்தது. எந்த நாளைக்கு நாளை? ஃபார்வர்டில் தெரியும் நேரம் அதை எனக்கு அனுப்பியவர் அனுப்பிய நேரம், முதலில் எழுதியவர் எழுதிய நேரம் அல்ல. ஓரிடத்தில் “மாலை வரை” என்றும் இன்னோரிடத்தில் “4 மணி வரை” என்றும் வேறு இருந்தது.

செயலாளரைக் கூப்பிட்டேன். “சார், நாளைன்னு போட்டிருக்கே, அது எந்தத் தேதி?” என்றதும் அவரே சிரித்துவிட்டார். அவர் எழுதியது வெள்ளிக்கிழமை. ஆக, வேலை சனிக்கிழமை, ஜூன் 14. “ரெண்டு பிளாக்குக்கும் ஒரே நேரம் இல்லை தம்பி. ஏ பிளாக் காலையில, பி பிளாக் மத்தியானம்” என்றார். அது செய்தியிலேயே இல்லை. ஏ பிளாக்குக்கு 9 முதல் 12.30 வரை, பி பிளாக்குக்கு 12.30 முதல் 4 வரை என்று அவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். நாளை, இன்று, வரும் வாரம் போன்ற சொற்கள் ஒரு ஃபார்வர்டில் இருந்தால் அவற்றைத் தேதியாக மாற்றிவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். குறிகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் தேதி தவறென்றால் அறிவிப்பால் பயனில்லை.

அடுத்தது வெட்டும் வேலை. படிக்கிறவர் எதைச் செய்ய வேண்டும், எப்போது செய்ய வேண்டும், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்க வேண்டும். இந்த மூன்றில் எதற்கும் உதவாத வரிகளை எடுத்தேன். சேவைகளும் போன முறைக் கதையும் போயின. கைகூப்பிய படங்களும் போயின.

சரி, இப்போது குறிகள். வாட்ஸ்அப்பில் சொல்லின் இரு பக்கமும் நட்சத்திரம் போட்டால் அது தடித்துத் தெரியும். மூலச் செய்தியிலேயே நட்சத்திரக் குறிகள் இருந்தன, ஆனால் எதுவும் வேலை செய்யவில்லை. திரையில் நட்சத்திரமாகவே நின்றன. ஏன் என்று பார்த்தபோது மூன்று வரிகள் சேர்ந்து இப்படி இருந்தன:

```
*அனைவரும் கவனிக்கவும்
நாளை தண்ணீர் வராது
ஒத்துழைப்பு தேவை*
```

முதல் வரியின் தொடக்கத்தில் ஒன்று, மூன்றாவது வரியின் முடிவில் ஒன்று. தடித்த எழுத்து வாட்ஸ்அப்பில் வரி தாண்டாது. மூன்று வரியும் தடிமனாக வேண்டுமென்றால் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக இரு பக்கமும் நட்சத்திரம் வேண்டும். இன்னோரிடத்தில் `* முக்கியம் *` என்று நட்சத்திரத்துக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விட்டிருந்தார்கள். அதுவும் தடிக்காது, குறி சொல்லை ஒட்டியே இருக்க வேண்டும். அது மட்டுமல்ல, வரியின் தொடக்கத்தில் நட்சத்திரமும் அதையடுத்து இடைவெளியும் வந்தால் செயலி அதைப் பட்டியலின் புள்ளி என்று எடுத்துக்கொள்ளும். தடித்த தலைப்பு கேட்டவருக்குப் புள்ளி வைத்த ஒரு வரி கிடைக்கும். இதனால்தான் நான் பட்டியலுக்கு எப்போதும் சிறு கோட்டையே போடுகிறேன், நட்சத்திரத்தைத் தடித்த எழுத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

நான் எழுதியதிலும் ஒரு சிக்கல் வந்தது. தமிழில் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் இது வரும் என்று நினைக்கிறேன். நாளின் பெயரை மட்டும் தடிமனாக்க நினைத்து இப்படி எழுதினேன்:

```
*சனிக்கிழமை*யன்று தண்ணீர் வராது
```

அனுப்பிப் பார்த்தால் தடிக்கவே இல்லை, இரண்டு நட்சத்திரமும் அப்படியே தெரிந்தன. முடிக்கும் நட்சத்திரத்துக்கு அடுத்து எழுத்து ஒட்டி வந்தால் செயலி அதை முடிவு என்று எடுத்துக்கொள்வதில்லை. தமிழில் அன்று, இல், க்கு, க்குள் என்று எல்லாமே சொல்லோடு ஒட்டி வருவதால் அடிக்கடி இதில் மாட்டுவோம். விகுதியையும் சேர்த்து `*சனிக்கிழமையன்று*` என்று உள்ளே போட்டுவிட்டால் சரியாகிவிடும். அல்லது விகுதியே வராதபடி வரியை மாற்றி எழுதலாம். அறிவிப்பு என்பதால் எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது: ‘சனிக்கிழமையன்று தண்ணீர் நிறுத்தப்படும்’ என்பதைவிட ‘தண்ணீர் நிறுத்தம்: சனி, ஜூன் 14’ என்பது ஒரே பார்வையில் கண்ணில் படுகிறது.

பட்டியலுக்கு மூலத்தில் கை நீட்டும் படங்களை ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வைத்திருந்தார்கள். சில வரிகளில் அவற்றுக்குப் பதிலாக நீளக் கோடு. பார்க்கப் பட்டியல் போலவே இருக்கும், ஆனால் செயலிக்கு அது சாதாரண வரிதான். வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், வரி நீளமாகி இரண்டாவது வரிக்கு மடங்கும்போது. நிஜப் பட்டியலில் மடங்கிய பகுதி முதல் வரியின் எழுத்துக்கு நேர் கீழே தள்ளி நிற்கும், எங்கே ஒரு குறிப்பு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று கண் உடனே பிடிக்கும். படம் வைத்த வரியில் மடங்கியது ஓரத்துக்கே போய்விடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, கைப்பேசித் திரையில் எங்கள் வரிகள் எல்லாமே மடங்கின. நீளக் கோட்டை அழித்துவிட்டு விசைப்பலகையில் உள்ள சிறு கோட்டையும் ஓர் இடைவெளியையும் போட்டேன். எண் பட்டியலுக்கு எண், புள்ளி, இடைவெளி. இந்தப் பட்டியல் வசதி 2024இல்தான் வந்தது. செயலியைப் பல நாளாகப் புதுப்பிக்காத ஒருவரின் கைப்பேசியில் வெறும் கோடும் எண்ணும்தான் தெரியும். அப்படியும் படிக்க முடியும் என்பதால் அதில் கவலைப்பட ஒன்றும் இல்லை.

எண் எங்கே, கோடு எங்கே என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். தண்ணீர் நிற்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றை எந்த வரிசையில் செய்தாலும் ஒன்றுதான், அவற்றுக்குக் கோடு. தண்ணீர் திரும்ப வந்த பிறகு செய்வதற்கு வரிசை உண்டு: முதலில் ஒரு குழாயைத் திறந்து கலங்கல் போகும்வரை விட வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றவை. அதற்கு எண். கடைசியில் வந்தது இது:

```
*தண்ணீர் நிறுத்தம்: சனி, ஜூன் 14*

- ஏ பிளாக்: *காலை 9 – பகல் 12.30*
- பி பிளாக்: *பகல் 12.30 – மாலை 4*

முன்பே செய்ய வேண்டியவை
- தேவையான தண்ணீரைப் பிடித்து வையுங்கள்
- எல்லாக் குழாய்களையும் மூடி வையுங்கள்

தண்ணீர் வந்த பிறகு
1. ஒரு குழாயை மட்டும் திறந்து, கலங்கல் போகும்வரை விடுங்கள்
2. தெளிந்த பிறகு மற்ற குழாய்களைத் திறங்கள்
3. துணி துவைக்கும் இயந்திரத்தைக் கடைசியில் இயக்குங்கள்

சந்தேகம் இருந்தால் செயலாளரை அழையுங்கள்
```

தடித்தது மூன்றே இடங்கள். முதல் முயற்சியில் உள்தலைப்புகளையும் ‘கலங்கல்’ என்ற சொல்லையும் தடிமனாக்கியிருந்தேன். தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம். தடித்தால் அவை உள்ளே அடைந்துபோய், சிறிய திரையில் படிப்பது சிரமமாகிறது. அதைவிட முக்கியம், ஏழெட்டு இடங்கள் தடித்திருந்தால் கண் எதிலும் நிற்காது. இந்த அறிவிப்பில் எல்லோரும் தேடி வருவது நாளையும் நேரத்தையும்தான். அதனால் அவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்தேன். முதல் வரியை வணக்கமாக வைக்காததற்கும் காரணம் உண்டு: அரட்டைப் பட்டியலிலும் திரையில் வரும் முன்னறிவிப்பிலும் தொடக்கம்தான் தெரியும். திறக்காதவருக்கும் நாள் போய்ச் சேர வேண்டும்.

குரூப்பில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் ஓர் அக்கா, “தம்பி, பால்கனிக் குழாயும் சேர்த்துத்தானே? நான் அதைத் திறந்தே விட்டுடுவேன்” என்று கேட்டார். நியாயமான சந்தேகம். தண்ணீர் திரும்பும்போது வீட்டில் ஆள் இல்லையென்றால் அது வீணாக ஓடும். அனுப்பிய 15 நிமிடங்களுக்குள் திருத்தலாம் என்பதால், அந்த வரியில் ‘பால்கனிக் குழாய் உட்பட’ என்று சேர்த்தேன். ஆனால் அதற்குள் ஒருவர் பி பிளாக்கின் தனி குரூப்புக்கு அதை ஃபார்வர்டு செய்துவிட்டிருந்தார். என் செய்தியில் செய்த திருத்தம் அவர் அனுப்பிய நகலுக்குப் போகாது. அவரிடம் சொல்லி, பழையதை நீக்கிவிட்டுத் திருத்தியதை மறுபடி அனுப்பச் சொன்னேன், உடனே செய்தார்.

அன்றே செயலாளர் அதை அச்செடுத்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்ட நினைத்தார். செய்தியை நகலெடுத்துக் கணினியில் ஒட்டியதும் ஆறு நட்சத்திரங்களும் எழுத்தாகவே வந்து நின்றன, ஏனென்றால் அந்தக் குறிகளுக்கு அர்த்தம் செயலிக்குள் மட்டும்தான். அவற்றை அழித்துவிட்டு, அதே மூன்று இடங்களைக் கணினியில் தடிமனாக்கிக் கொடுத்தேன்.