பூச்சியம் என்று காட்டிய திரை

சம்பவ அறிக்கையின் முதல் வரைவில் நான் இப்படி எழுதியிருந்தேன்: “பிரதி பின்தங்கியிருந்ததைப் பொறியியலாளர் கவனிக்கத் தவறிவிட்டார்.” பிரதி என்றால் முதன்மைத் தரவுத்தளத்தில் நடப்பதை எல்லாம் அப்படியே பின்தொடரும் இரண்டாவது தரவுத்தளம். அந்தப் பொறியியலாளர் நான்தான். பழியை ஏற்றுக்கொண்டு ஒரே வரியில் முடித்துவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். எங்கள் குழுவில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்றுதான் அழைப்போம். அவர் அந்த வரியின் மேல் பேனாவை வைத்து, “தம்பி, பிரதியை முதன்மையாக உயர்த்துவதற்கு முதல் நீர் கண்காணிப்புத் திரையைப் பார்த்தீரா, இல்லையா?” என்று கேட்டார்.

பார்த்தேன். தாமதம் 0 என்று இருந்தது.

“அப்படியென்றால் கவனிக்கத் தவறியது எப்படி?” என்றார். அறிக்கையை அங்கிருந்துதான் மறுபடி எழுதத் தொடங்கினோம்.

வெள்ளவத்தையில் இருக்கிறது எங்கள் அலுவலகம். பலசரக்கு, பலகாரம், பூ என்று வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் சேவை. தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை இரவு 7.52க்கு முதன்மைத் தரவுத்தளம் இருந்த சேர்வரின் மின்வழங்கி எரிந்துபோனது. மாற்று வந்து சேர இரண்டு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். அந்த வெள்ளிக்கிழமையில் இரண்டு மணித்தியாலம் கடை பூட்டுவது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். 8.01க்கு வேறொரு கட்டடத்தில் இருந்த பிரதியை முதன்மையாக உயர்த்தினேன். தளம் எழுந்தது. யாரோ கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை இன்றும் நினைத்தால் கூசுகிறது.

ஒன்பது மணியளவில் கொட்டாஞ்சேனையில் இருந்து ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். குறுஞ்செய்தியில் வந்த ஓடர் இலக்கத்தைச் சொன்னார். எங்கள் திரையில் அந்த இலக்கத்தில் இருந்தது தெஹிவளையில் உள்ள வேறொருவரின் பெயரும் முகவரியும். தொலைபேசியில் இருந்த பிள்ளை அதை அப்படியே வாசித்துக் காட்டியும் விட்டார்.

அப்போதுதான் பிரதியில் கடைசியாக வந்து சேர்ந்திருந்த பழைய ஓடரின் நேரத்தைப் பார்த்தேன். 7.41. பதினொரு நிமிடங்கள், 187 ஓடர்கள் இல்லை.

தாமதம் பூச்சியமாக இருந்தால் பதினொரு நிமிடம் எங்கே போனது? எங்கள் கண்காணிப்புத் திரை பிரதியிடம் கேட்ட கேள்வி இதுதான்:

```sql
SELECT CASE
  WHEN pg_last_wal_receive_lsn() = pg_last_wal_replay_lsn() THEN 0
  ELSE EXTRACT(EPOCH FROM
       now() - pg_last_xact_replay_timestamp())
END;
```

எங்கள் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு மாற்றமும் முதலில் ஒரு பதிவேட்டில் எழுதப்படும். அதன் ஆங்கிலச் சுருக்கம் தமிழில் எழுதினால் ‘வால்’ என்று வரும்; கடைசியில் அறுந்ததும் வால்தான். முதன்மை அந்தப் பதிவேட்டை அனுப்ப, பிரதி அதை வாங்கி வைத்துப் பின்பு தன்மேல் செயற்படுத்தும். மேலே உள்ள கேள்வி, வாங்கியது எல்லாம் செயற்படுத்தியாயிற்றா என்று கேட்கிறது. ஆயிற்று என்றால் பூச்சியம். முதன்மை எவ்வளவு எழுதியது, அதில் எவ்வளவு இங்கே வந்தது என்று அது கேட்கவே இல்லை. தபால்காரர் கொண்டுவந்த கடிதங்களை எல்லாம் வாசித்துவிட்டேன் என்று சொல்கிறவரிடம், தபால் நிலையத்தில் எத்தனை மூட்டை கிடக்கிறது என்று கேட்டு என்ன பயன்?

இந்தக் கேள்வியை எழுதியவர் முட்டாள் இல்லை. நேர வித்தியாசத்தை மட்டும் பார்த்தால், ஓடரே வராத அதிகாலை மூன்று மணிக்குக்கூடத் தாமதம் ஏறிக்கொண்டே போய் ஆட்களைத் தூக்கத்தில் எழுப்பும். அந்தப் பொய் எச்சரிக்கையை நிறுத்தத்தான் CASE வந்தது. செயற்படுத்துவது மட்டும் தாமதமாகும் நாட்களில் அது சரியாகவே வேலை செய்தது. அப்படிப்பட்ட தாமதத்தில் தரவு தொலைவதும் இல்லை. உயர்த்தும்போது பிரதி தன் கையில் இருக்கும் பதிவேட்டை முழுவதும் செயற்படுத்திவிட்டுத்தான் எழுதத் திறக்கும். தொலைவது, வந்தே சேராத பகுதி. எங்கள் திரை ஆபத்தில்லாத தாமதத்தைக் காட்டி, ஆபத்தான தாமதத்தை மறைத்தது.

அன்று வந்து சேராததற்குக் காரணம் மிகச் சாதாரணமானது. இரவு இரண்டு மணிக்கு ஓடும் காப்புப் படி எடுக்கும் வேலையை ஒருவர் பரிசோதனைக்காக ஏழு மணிக்கு மாற்றியிருந்தார். இரு கட்டடங்களுக்கும் இடையிலான ஒரே இணைப்பில் அது நிறைந்து ஓட, பதிவேடு சொட்டுச் சொட்டாகத்தான் போனது. சொட்டும் ஒவ்வொரு துளியையும் பிரதி உடனே குடித்துவிட்டது. ஆகவே பூச்சியம். முதன்மை உயிரோடிருந்தபோது அதில் `pg_stat_replication` பார்த்திருந்தால், எதுவரை அனுப்பியாயிற்று என்று சொல்லும் `sent_lsn` பின்னால் கிடப்பது தெரிந்திருக்கும். அது இறந்தபின் கேட்க ஆளில்லை.

இலக்கங்கள் மோதிய கதை தனி. பிரதிக்கு அந்த 187 ஓடர்கள் நடந்ததே தெரியாததால், விட்ட இடத்தில் இருந்து இலக்கம் கொடுக்கத் தொடங்கியது. போஸ்ட்கிரெஸ் தொடர் இலக்கத்தை 32 முன்கூட்டியே பதிவேட்டில் எழுதி வைக்கும். அதனால் முதல் முப்பது வரை தப்பின. மிச்சம் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இலக்கங்கள் இரண்டு பேரிடம் இருந்தன. என்னைக் கேட்டால், ஓடர் தொலைந்ததைவிட இதுதான் மோசம். தொலைந்தவர் திரும்ப ஓடர் போடுவார். தன் முகவரி முன்பின் தெரியாதவர் காதில் விழுந்ததற்கு என்ன செய்வார்? உயர்த்தியபின், ஓடர்களுக்குத் திறப்பதற்கு முன் ஒரு வரி போதுமாக இருந்தது:

```sql
SELECT setval('orders_id_seq',
  (SELECT last_value FROM orders_id_seq) + 100000);
```

இப்போது அது உயர்த்தும் ஸ்கிரிப்டிலேயே இருக்கிறது.

அன்றிரவு அட்டையில் கட்டியவர்களைக் கட்டண நிறுவனத்தின் பட்டியலில் இருந்து பிடித்தோம். பொருள் வந்தபின் காசு கொடுப்பவர்களுக்குக் குறுஞ்செய்திப் பதிவில் தொலைபேசி இலக்கமும் தொகையும் மட்டுமே இருந்தன. அழைத்து, “என்ன ஓடர் செய்தீர்கள்?” என்று அவர்களிடமே கேட்டோம். ஒருவர் சிரித்துக்கொண்டு, “அதை நீங்கள்தானே சொல்ல வேண்டும்?” என்றார்.

மறுநாள் பழைய சேர்வர் உயிர்பெற்றது. வட்டில் ஒன்றும் ஆகவில்லை. குழுவின் இளையவர் அதைப் புதிய முதன்மைக்குப் பிரதியாக்க `pg_rewind` என்று பாதி அடித்துவிட்டார். அக்கா கதிரையில் இருந்து எழும்பியே விட்டார். அந்தக் கட்டளை, பிரிந்துபோன பகுதியைப் புதிய முதன்மையின் தரவால் மேலெழுதும். 187 ஓடர்களின் ஒரே முழுமையான பதிவு இருந்தது அந்த வட்டில்தான். வலையமைப்பில் இருந்து துண்டித்து, தரவுக் கோப்புறையை முழுதாகப் படியெடுத்து, அந்தப் படியை இயக்கி, 7.41க்குப் பிந்திய வரிகளை எடுத்தோம். இரவு தொலைபேசியில் எழுதியவற்றோடு ஒப்பிட்டதில் பன்னிரண்டு பேரை நாங்கள் அழைக்கவே இல்லை என்று தெரிந்தது.

திருத்திய அறிக்கையில் இரண்டு வேலைகள் இருந்தன. முதலாவது அன்றே முடிந்தது: முதன்மையில் ஒரு சிறு அட்டவணையில் ஒவ்வொரு விநாடியும் நேரம் எழுதப்படுகிறது. முதன்மை செத்தாலும், பிரதியில் உள்ள கடைசி நேரத்தை அது செத்த நேரத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு போகும் என்று உயர்த்துவதற்கு முன்பே தெரியும். இழப்பை அது தடுக்காது. அளவை மட்டும் சொல்லும்.

தடுப்பது இரண்டாவது: பிரதி ஒன்று வாங்கி எழுதிவிட்டது என்று சொன்னபின்தான் ஓடர் உறுதியாகும்படி ஒத்திசைவு முறைக்குப் போவது. ஒரே பிரதியை நம்பி அதைச் செய்தால், பிரதி விழும் நாளில் கடையும் நின்றுவிடும். ஆகவே இன்னொரு சேர்வர் வேண்டும். இரண்டில் ஏதாவது ஒன்று பதில் சொன்னால் போதும். விலையைக் கேட்ட நிருவாகம், “மாதம் எத்தனை தடவை மின்வழங்கி எரியும்?” என்று கேட்டது. நல்ல கேள்விதான். அறிக்கையில் அந்த வரிக்கு எதிரே இன்னும் ‘தீர்மானிக்கப்படவில்லை’ என்றே இருக்கிறது.