கோடுகள் சரியான இடத்தில், வெளிச்சம் மட்டும் எங்கோ

பழுது பார்க்கப் போய்வந்த ஒரு மோனோகுரோமேட்டர், அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துத் தரும் கருவி, எங்கள் ஆய்வகத்தில் எல்லோரையும் குழப்பியது. பாதரச விளக்கின் பச்சைக் கோடு 546.1 நானோமீட்டரில் பிசகாமல் நின்றது. ஆனால் சிக்னல் பழைய அளவில் சிறு பங்குகூட இல்லை. விளக்கு, பிளவு, டிடெக்டர் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார்கள். எனக்கு, நெருக்கமான கீறல்களால் ஒளியைப் பிரிக்கும் தகடான கீற்றணி மேல்தான் சந்தேகம்.

காரணம் எளிது. சாய்வாக விழும் ஒளிக்கான சமன்பாடு இது:

mλ = d(sin α + sin β)

λ அலைநீளம், m வரிசை எண், α படுகோணம், β வெளியேறும் கோணம். இரண்டும் கீற்றணியின் செங்குத்துக்கு ஒரே பக்கம் இருந்தால் ஒரே குறி. இதில் கீற்றணியின் கீறல்களுக்கு இடையிலான தூரம் d மட்டும்தான் இருக்கிறது, கீறலின் வடிவம் எங்கும் இல்லை. ஒளி எந்தத் திசையில் போகலாம் என்பதை d சொல்லும். அங்கே எவ்வளவு போகும் என்பது வடிவத்தின் வேலை. பிளேஸ் கீற்றணியில் ஒவ்வொரு கீறலும் ஒரு சாய்ந்த குட்டிக் கண்ணாடி. அந்தச் சரிவு தன் போக்கில் ஒளியைப் பிரதிபலிக்கும் திசையும், சமன்பாடு அனுமதிக்கும் ஒரு வரிசையின் திசையும் ஒன்றானால், பெரும்பங்கு ஒளி அந்த வரிசைக்கே போய்விடும். சரிவின் கோணம் θ என்றால் நிபந்தனை α + β = 2θ.

எங்களுடையது மில்லிமீட்டருக்கு 1200 கீறல், அதாவது d = 833.3 நானோமீட்டர். தயாரிப்பாளரின் பட்டியலில் பிளேஸ் 500 நானோமீட்டர் என்றிருக்கும். ஆனால் அது ஒளி வந்த வழியே திரும்பும் அமைப்புக்கான எண்; அதிலிருந்து θ = 17.46° என்று வருகிறது. எங்கள் கருவியில் α-வுக்கும் β-வுக்கும் எப்போதும் 30° வித்தியாசம். அப்போது α = 32.46°, β = 2.46°. சமன்பாட்டில் போட்டால் உச்சம் 483 நானோமீட்டருக்கு இறங்குகிறது. பட்டியல் எண்ணை அப்படியே நம்பக்கூடாது என்பது இதனால்தான்.

சரி, கீற்றணியைத் தலைகீழாக, 180° சுற்றி மாட்டினால்? d மாறாது, அதனால் நிறமாலைக் கோடுகள் இடம் மாறாது. சரிவு மட்டும் எதிர்ப்பக்கம் பார்க்கும். அந்தப் பக்கம் 483-க்கு முதல் வரிசையே கிடையாது, sin β −1-ஐத் தாண்டிவிடும். அதனால் ஒளியில் பெரும்பங்கு நிறம் பிரியாத பூச்சிய வரிசைக்குப் போகும். கீற்றணியின் ஓரத்தில் இருக்கும் பிளேஸ் அம்புக்குறியைப் பார்த்தோம்: எதிர்த்திசை. திருப்பி மாட்டியதும் சிக்னல் வந்துவிட்டது.

அப்புறம் இன்னொரு கேள்வி வந்தது: 507.4-ல் ஒரு கோடு ஏன்? பாதரசத்துக்கு அங்கே அப்படிப் பலமான கோடு கிடையாது. அது 253.7-ன் இரண்டாம் வரிசை. பிளேஸ் இதைத் தடுக்காது, ஏனென்றால் அது பார்ப்பது கோணத்தை. 483-ஐ முதல் வரிசையில் தூக்கிவிடும் அதே சரிவு 241.5-ஐ இரண்டாம் வரிசையில் தூக்கிவிடும். விளக்குக்கு முன்னால் ஒரு சாதாரணக் கண்ணாடித் தகட்டைப் பிடித்தேன். புறஊதாவை அது விழுங்கிவிட, 507.4 மறைந்தது, 546.1 அப்படியே நின்றது.