கதவு விற்றார், கதவை விற்றார்

எட்டாம் வகுப்பில் இரண்டாம் வேற்றுமை நடத்திய ஒரு பாடவேளையை இரண்டு ஆண்டுகளாக மனத்துக்குள் திரும்பத் திரும்ப நடத்திக்கொண்டிருக்கிறேன். அன்று கரும்பலகையில் நான் எழுதியவை இரண்டே வாக்கியங்கள்.

அவர் கதவு விற்றார்.
அவர் கதவை விற்றார்.

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு வந்து சேர எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 'இரண்டாவதன் உருபு ஐயே' என்று நன்னூல் சொல்வதை மனப்பாடம் செய்துவிட்டு, உருபு வெளிப்படையாக வந்தால் விரி, மறைந்து வந்தால் தொகை என்று பிரித்து எழுதி மாணவர்கள் மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஆனால் மறைந்து வருவது என்று சொல்லும்போதே, இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான், ஐ வெறுமனே ஒளிந்துகொண்டிருக்கிறது என்ற எண்ணம் அவர்களிடம் பதிந்துவிடுகிறது. பெண் பார்க்க வந்தார்கள் என்பதும் பெண்ணைப் பார்க்க வந்தார்கள் என்பதும் ஒன்றல்ல என்று அவர்களுடைய காதுக்குத் தெரியும். காதுக்குத் தெரிந்ததை அறிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே என் ஆசை. அதற்கு ஓர் உருபு மட்டும் வேறுபட்டு மற்றவை அனைத்தும் ஒத்திருக்கும் இரட்டை வாக்கியங்களைக் காட்டிலும் நல்ல வழியை நான் இதுவரை கண்டதில்லை.

அப்படி ஓர் இரட்டையை அமைப்பது கேட்பதற்கு எளிதாக இருக்கும். அமைத்துப் பார்த்தால்தான் வில்லங்கம் தெரியும். முதலில் நான் மஞ்சுவிரட்டை நினைத்துக்கொண்டு 'மாடு பிடித்தான், மாட்டைப் பிடித்தான்' என்று எழுதினேன். வேறுபாடு என்ன என்று கேட்டதும் ஒரு மாணவன் இரண்டாவதில் ட் இரட்டித்திருக்கிறது என்றான், இன்னொருத்தி இடையில் ப் வந்திருக்கிறது என்றாள். இருவர் சொன்னதும் உண்மை. ஒன்று மாற வேண்டிய இடத்தில் மூன்று மாறியிருந்தன. 'மரம் வெட்டினார், மரத்தை வெட்டினார்' என்று மாற்றினேன். அத்துச் சாரியை வந்து நடுவில் நின்றுகொண்டது. ஓடு என்ற சொல்லை எடுத்தால் ஐ சேர்ந்தவுடன் ஓட்டை என்றாகி வேறொரு பொருளைக் காட்டிவிடுகிறது. நாம் காட்ட நினைக்கும் வேறுபாட்டை விட்டு மாணவர்கள் இன்னொன்றைச் சுட்டினால் பிழை வாக்கியத்தில்தான் இருக்கிறது என்பதை நான் இப்படித்தான் தெரிந்துகொண்டேன். ஆகவே ஐ சேரும்போது உருக்குலையாத ஒரு பெயரும், வல்லினத்தில் தொடங்காத ஒரு வினையும் தேவைப்பட்டன. கதவு என்பதில் கடைசி உகரம் மட்டும் ஐக்கு இடம் விடுகிறது. விற்றார் என்பது வகரத்தில் தொடங்குவதால் இடையில் ஒற்று எதுவும் மிகவில்லை. அத்துடன் காரைக்குடியைச் சுற்றி வாழ்கிற பிள்ளைகளுக்குக் கதவு விற்பது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. முனீஸ்வரன் கோயில் தெருவின் பழைய சாமான் கடைகளில் பிரித்த வீடுகளின் நிலைகளும் பர்மாத் தேக்குக் கதவுகளும் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

இரண்டாவது காரணத்தை நான் பெருமையாகவே நினைத்திருந்தேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

வாக்கியங்களை எழுதிவிட்டு, முதல் வாக்கியத்தைக் கேட்பவர் அடுத்து என்ன கேட்பார், இரண்டாவதைக் கேட்பவர் அடுத்து என்ன கேட்பார் என்று வினவினேன். இது நான் வழக்கமாக வைத்திருக்கும் சோதனை. கதவு விற்றார் என்றால் 'எத்தனை?' என்று கேட்கத் தோன்றும், ஏனென்றால் அந்த வாக்கியம் ஒரு கதவா நூறு கதவா என்று சொல்லவில்லை. அது ஒரு தொழிலைச் சொல்வதுபோல் நிற்கிறது. கதவை விற்றார் என்றால் 'எந்தக் கதவை?' என்று கேட்கத் தோன்றும், ஏனென்றால் பேசுபவர் ஒரு கதவை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. விளக்கம் எதுவும் சொல்லாமல் இந்த இரண்டு கேள்விகளையும் மாணவர்களின் வாயிலிருந்தே வரவழைத்துவிட்டால் பாடம் முடிந்தது என்பது என் கணக்கு.

முன்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். அவனுடைய தந்தை அத்தகைய கடை ஒன்றில் வேலை பார்க்கிறார்.

"முதல் வாக்கியம் எங்கப்பா ஐயா. அவரு கதவு விக்கிறாரு."

வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். இதைவிடச் சிறந்த விடையை நான் எதிர்பார்த்திருக்க முடியாது. அப்போது சன்னலோரத்தில் இருந்த ஒரு மாணவி, எழுந்திருக்காமலே சொன்னாள்.

"ரெண்டாவது எங்க அப்பச்சி ஐயா. கதவை வித்துப்புட்டாக."

நான் "மிகச் சரி" என்றேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் சோதனை இன்னும் முடியவில்லை. 'எந்தக் கதவை?' என்ற கேள்வி வகுப்பிலிருந்து வர வேண்டும் என்று நான் காத்திருந்தேன், வரவில்லை. ஆகவே நானே அவளைப் பார்த்து, "இப்போது நான் என்ன கேட்பேன்? எந்தக் கதவை என்று கேட்பேன், இல்லையா?" என்றேன். கேள்வியின் வடிவத்தை வகுப்புக்குக் காட்டவே கேட்டேன். அவள் அதைத் தன்னிடம் கேட்ட கேள்வியாகவே எடுத்துக்கொண்டாள்.

"எங்க வளவு வீட்டு முகப்புக் கதவை ஐயா" என்று சொல்லிவிட்டுக் குனிந்து புத்தகத்தைப் பார்த்தாள். முதலில் விடை சொன்ன மாணவனும் அதற்குப் பிறகு பேசவில்லை. அந்தக் கதவு அவனுடைய தந்தை வேலை பார்க்கும் கடைக்குத்தான் போனதா என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

அந்தக் குடும்பத்தின் நிலை எனக்கு முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் இந்த ஊர்களில் கதவு என்றும் விற்றார் என்றும் எழுதினால் முப்பது பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்காவது அது வெறும் எடுத்துக்காட்டாக இருக்காது என்பதைத் தெரிந்துகொள்ள எந்தக் குடும்பத்தின் விவரமும் தேவையில்லை. ஒற்று மிகுமா என்று அவ்வளவு பார்த்த நான் இதைப் பார்க்கவில்லை. அதே நேரத்தில், அன்று அந்த வகுப்பில் ஐ உருபின் பொருள் விளங்காத பிள்ளை ஒருவரும் இல்லை என்பதும் உண்மை. அடுத்த ஆண்டு 'பந்து வாங்கினான், பந்தை வாங்கினான்' என்று எழுதினேன். இரட்டையாகப் பார்த்தால் அதுவும் சுத்தமானதுதான். எந்தப் பந்து என்று தெரிந்துகொள்ள யாருக்கும் அக்கறை இல்லாததால் இரண்டு கேள்விகளையும் கடைசியில் நானே சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வாரம் கழித்து எழுதிய கட்டுரைகளில் ஐ கண்ட இடத்தில் வந்தது, வேண்டிய இடத்தில் வரவில்லை.

ஆனாலும் என்னை உறுத்துவது வகுப்பில் நடந்ததைவிட, அதற்கு மறுநாள் ஏட்டில் நடந்தது.

வீட்டுப்பாடமாக, தங்கள் வீட்டைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுதி, ஐ வரும் இடங்களில் அடிக்கோடிட்டு வரச் சொல்லியிருந்தேன். அவள் எழுதியிருந்தவற்றில் இவை எனக்கு மனப்பாடமாகிவிட்டன: "ஆத்தா தினமும் முற்றத்தைப் பெருக்குவார்கள். அப்பச்சி கதவு விற்றார்கள். இப்போது தகரக் கதவை நான்தான் சாத்துவேன்." முற்றத்தை என்பதிலும் தகரக் கதவை என்பதிலும் ஐ அடிக்கோட்டுடன் சரியாக இருந்தது. மற்ற இரண்டு வாக்கியங்களிலும் பிழை இல்லை. நடுவில் இருந்த அந்த ஒன்றில் மட்டும் ஐ இல்லை.

நான் அதைப் பிழை என்று எண்ணிச் சிவப்பு மையால் வு என்பதன் மேல் கோடிட்டு வை என்று எழுதினேன். அதற்கு அப்போது எனக்குக் காரணம் இருந்தது. விற்றது ஒரே கதவு, அது எந்தக் கதவு என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே முதல் நாள் நடத்திய பாடத்தின்படி ஐ வந்தே தீர வேண்டும். தவிரவும், பேச்சில் நாம் கதவெ என்று ஐயைக் குறுக்கியே ஒலிப்பதால் எழுதும்போது அது விட்டுப்போவது பிள்ளைகளிடம் அன்றாடம் காணும் பிழைதான். ஓர் ஆசிரியர் அதைத் திருத்தாமல் விட்டால்தான் குறை.

அன்று மாலை வீட்டுக்குப் போன பிறகுதான் வேறுவிதமாகத் தோன்றியது. மற்ற இடங்களில் எல்லாம் தவறாமல் ஐ எழுதியவள் இந்த இடத்தில் மட்டும் ஏன் விட்டாள்? கதவு ஒன்றா பலவா, தெரிந்ததா தெரியாததா என்பது மட்டும் ஐயைத் தீர்மானிப்பதில்லை. பேசுபவர் அதைத் தனித்து எடுத்துக் காட்ட விரும்புகிறாரா என்பதும் தீர்மானிக்கிறது. உயர்திணைப் பெயரானால் பெரும்பாலும் ஐ இல்லாமல் சொல்லவே முடியாது. அஃறிணைப் பெயரில் அதை விடலாமா கூடாதா என்பதை மொழி பேசுபவரின் கையில் விட்டிருக்கிறது. அப்பச்சி கதவை விற்றார்கள் என்று எழுதினால் படிப்பவர் எந்தக் கதவை என்று கேட்பார். நான் கேட்டேனே. அப்பச்சி கதவு விற்றார்கள் என்று எழுதினால் அந்தக் கேள்வி எழுவதில்லை; வெள்ளாமை இல்லாத ஆண்டில் நகை விற்றார்கள், ஆடு விற்றார்கள் என்று சொல்வதைப்போல அது கடந்துபோகிறது. முதல் நாள் நான் நடத்தியதை அவள் என்னைவிட ஆழமாகப் புரிந்துகொண்டு, வேண்டுமென்றே அந்த உருபை நீக்கியிருக்கலாம். அப்படியானால் நான் பிழை என்று கோடிட்டது அந்த வகுப்பிலேயே மிகச் சரியான வாக்கியத்தை.

அல்லது அது வெறும் கைத்தவறாகவும் இருக்கலாம். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் ஓர் எழுத்துப் பிழையின் மீது நான் என்னுடைய மனச்சுமையை ஏற்றிவைக்கிறேனோ என்ற ஐயமும் எனக்கு உண்டு. அவளிடமே கேட்டுவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தேன். ஆனால் கேட்பதென்றால் ஏன் ஐ எழுதவில்லை என்று கேட்க வேண்டும்; அது, எந்தக் கதவை என்று இரண்டாம் முறையாகக் கேட்பதேயாகும். ஆகவே கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது அவள் பொருட்டா, என் பொருட்டா என்பதிலும் எனக்குத் தெளிவில்லை.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. சிவப்பில் திருத்திய வாக்கியத்தை மாணவர்கள் அடுத்த பக்கத்தில் மூன்று முறை எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். இப்படி உறுத்திக்கொண்டிருந்த நான் மறுநாள் அதை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். முப்பது ஏடுகளுக்கு நடுவில் அது நினைவுக்கு வரவில்லை. அவள் ஏடு என் மேசைக்கு வந்தபோது எழுதி முடித்திருந்தாள். அப்பச்சி கதவை விற்றார்கள். அப்பச்சி கதவை விற்றார்கள். அப்பச்சி கதவை விற்றார்கள். மூன்றிலும் ஐக்கு அடிக்கோடு இட்டிருந்தாள். நான் தேதியிட்டுக் கையொப்பம் போட்டுக் கொடுத்தேன்.