கண் மூடும் நேரத்தில் என்ன இருந்ததோ, அதையே நள்ளிரவிலும் கேட்கும் குழந்தை

என் மகளுக்கு 8 மாதம் நடந்துகொண்டிருந்தபோது அவளைத் தூங்கவைப்பதில் எங்களுக்குச் சிரமமே இருக்கவில்லை. இரவு 8 மணிக்கு மடியில் போட்டுப் பால் கொடுத்தால் சிறிது நேரத்தில் குடித்தபடியே கண் சொருகிவிடுவாள். வாயை மெல்ல விடுவித்துக் கட்டிலில் கிடத்திவிடுவேன். தொல்லை அதற்குப் பிறகுதான். முதல் மூன்று மணி நேரம் அசையாமல் தூங்குவாள். நள்ளிரவு தாண்டிவிட்டால் மணிக்கொரு முறை எழுந்து அழுவாள். நான் பால் கொடுத்தாலும் சரி, கணவர் தோளில் போட்டு ஆட்டினாலும் சரி, இரண்டே நிமிடத்தில் மறுபடி தூங்கிப்போவாள். கட்டிலில் விட்டு ஒரு மணி நேரம் ஆவதற்குள் மீண்டும் அழுகை.

பசிதான் காரணம் என்று சுற்றியிருந்த எல்லோரும் சொன்னார்கள். படுக்கும் முன் கூடுதலாக ஊட்டிப் பார்த்தோம், எதுவும் மாறவில்லை. குழந்தை நல மருத்துவரிடம் போனபோது அவர் முதலில் உடலைத்தான் பார்த்தார். எடை சரியாக ஏறுகிறதா, காதில் தொற்று உண்டா, குறட்டை விடுகிறாளா, தோலில் அரிப்பு இருக்கிறதா, இரும்புச் சத்துக் குறைவுக்கான அறிகுறி தெரிகிறதா என்று ஒவ்வொன்றாக விலக்கினார். பிறகு ஒரு வேலை கொடுத்தார். "ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் மூன்று விஷயம் எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தாள், எதைச் செய்ததும் தூங்கினாள், அதற்கு எவ்வளவு நேரம் ஆனது. பால் கொடுத்திருந்தால் விழுங்கும் சத்தம் கேட்டதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

அந்தக் குறிப்புதான் எங்களுக்கு எல்லாவற்றையும் விளக்கியது. இரவில் ஒரே ஒரு முறை, இரண்டரை மணியை ஒட்டி, அவள் மடக்கு மடக்காக விழுங்கி இரண்டு பக்கமும் குடித்தாள். மற்ற நேரங்களில் நாலைந்து முறை சப்புவாள், விழுங்கும் சத்தமே இருக்காது, அதற்குள் தூங்கியிருப்பாள். கணவர் ஆட்டிய வேளைகளில் ஒரு சொட்டுப் பால்கூட இல்லாமலே தூங்கினாள். பசித்த குழந்தை வெறும் தோள்மீது இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடாது. ஆகவே ஒரு விழிப்பு பசிக்கானது; மற்றவை வேறு எதற்கோ.

அது என்ன என்பதையும் மருத்துவர் விளக்கினார். கைக்குழந்தையின் தூக்கம் ஏறத்தாழ 50 முதல் 60 நிமிடங்கள் கொண்ட சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு சிறு விழிப்பு வரும். எல்லாக் குழந்தைகளுக்கும் வரும். 1970களில் தாமஸ் ஆண்டர்ஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர், குழந்தைகள் தூங்குவதை இரவு முழுவதும் கேமராவில் பதிவுசெய்து பார்த்தார். விடிய விடியத் தூங்குவதாகப் பெற்றோர் நம்பிய குழந்தைகளும் இடையில் விழித்திருந்தார்கள். சற்று நேரம் சும்மா கிடந்துவிட்டுத் தாமாகவே மறுபடி தூங்கியிருந்தார்கள். யாரையும் அழைக்கவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

எங்கள் மகளுக்கு அப்படித் திரும்பித் தூங்க வழி தெரியவில்லை. அவள் அறிந்த தூக்கம் மடியின் சூட்டில், வாயில் பாலோடு தொடங்குவது. சுற்று முடிந்து விழிக்கும்போது மடியும் இல்லை, பாலும் இல்லை. அசையாத மெத்தைதான் இருக்கிறது. தூக்கம் தொடங்க என்ன தேவைப்பட்டதோ, அதைக் கேட்டு அழுகிறாள். முன்னிரவில் ஏன் அழவில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருந்தது. தூக்கத்தின் முதல் சில மணி நேரம் மிக ஆழமானது, அதனால் சுற்றுகளுக்கு இடையே வரும் விழிப்பை அவள் அறியாமலே கடந்துவிடுகிறாள். நள்ளிரவுக்குப் பின் தூக்கம் மெலிகிறது, ஒவ்வொரு விழிப்பும் முழுதாக எட்டுகிறது.

இதைப் புரிந்துகொண்டதும் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவானது. நள்ளிரவுகளோடு போராடுவது அல்ல. இரவு 8 மணிக்கு அவள் தூங்கத் தொடங்கும் விதத்தை மட்டும் மாற்றுவது. மருத்துவர் ஓர் எச்சரிக்கையும் சொன்னார். பாலை விட்டுவிட்டு ஆட்டித் தூங்கவைத்தால் விழிப்பு குறையாது, எழுந்து போகிற ஆள்தான் மாறுவார். ரப்பர் சூப்பானும் அப்படியே. வாயிலிருந்து விழுந்ததும் அதைத் தேடி அழும் குழந்தைகள் உண்டு. இரவு முழுவதும் மாறாமல் இருக்கும் இருட்டும் மின்விசிறியின் ஓசையும் துணையாகலாம். பாதியில் நின்றுபோகும் எதுவும் ஆகாது.

பால் கொடுப்பதை முன்னுக்கு நகர்த்தினோம். விளக்கு எரியும்போதே, கண் சொக்காத நேரத்தில் கொடுத்துவிடுவேன். அதன்பின் உடை மாற்றுவது, பாட்டு, பிறகு கட்டில். பாலுக்கும் கட்டிலுக்கும் இடையே இருபது நிமிடமாவது இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். படுக்கும் நேரத்தையும் அரை மணி நேரம் தள்ளிவைத்தோம். இது முக்கியம் என்று நான் நினைக்கிறேன். தூக்கம் நன்றாக அழுத்தும் நேரத்தில் புதிதாக ஒன்றைப் பழக்குவது எளிது. தூக்கமே வராத குழந்தையைக் கட்டிலில் விட்டால் அழுகைதான் நீளும். பகலின் கடைசித் தூக்கம் முடிந்து மூன்றரை மணி நேரம் ஆகியிருக்கிறதா என்பதைக் கணக்கு வைத்துக்கொண்டோம்.

கட்டிலில் விடும் பொறுப்பைக் கணவர் ஏற்றார், என் மணம் அருகில் இருந்தால் அவள் பாலைத் தேடுவாள் என்பதால். தோளில் வைத்து அமைதியாகும் வரை ஆட்டுவார், தூங்கும் வரை அல்ல. இந்த எல்லையைக் கண்டுபிடிப்பதில்தான் நுணுக்கம் இருக்கிறது. மூச்சு சீராகி, மூடிய கைவிரல்கள் விரிந்து தளர்ந்துவிட்டால் அவள் ஏற்கெனவே தூங்கிவிட்டாள். அப்போது கிடத்துவது பழைய கதைதான். கண் திறந்திருக்கும்போதே மல்லாந்து கிடத்தி, நெஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். அழுதாள், முதல் இரவில் நீண்ட நேரம் அழுதாள். அழுகை உச்சத்துக்குப் போனால் தூக்கி, அடங்கியதும் விழித்த நிலையிலேயே மீண்டும் கிடத்துவார். அடுத்த அறையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு மிகக் கடினமாக இருந்தது. ஆனால் அவள் தனியாக இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

நள்ளிரவு விழிப்புகளுக்கு அப்போதைக்கு எதையும் மாற்றவில்லை. எழுந்தால் பழையபடி ஆட்டினோம், பால் கொடுத்தோம். படுக்கும்போது தானாகத் தூங்கத் தெரிந்த பிறகு அது இரவுக்குள் தானாகப் பரவும், ஓரிரு வாரம் ஆகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

அழுகை நாளுக்கு நாள் குறைந்துவந்தது. பிறகு ஒரு நாள் திடீரென முதல் இரவைவிடப் பலமாக அழுதாள். வழக்கமாகக் கிடைத்தது கிடைக்காதபோது, கைவிடுவதற்கு முன் கேட்பதை இன்னும் உரக்கக் கேட்டுப் பார்ப்பது குழந்தைகளின் இயல்பு. அந்த இடத்தில் பால் கொடுத்திருந்தால், நீண்ட நேரம் அழுதால் கிடைக்கும் என்பதையே அவள் கற்றிருப்பாள். கணவர் கையை எடுக்காமல் நின்றார். அது கடந்த பிறகு கையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் நாற்காலியில் அமர்ந்தார். சில நாள் கழித்து நாற்காலி வாசலுக்கு நகர்ந்தது.

அடுத்து நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். நள்ளிரவில் ஒரு முனகல் கேட்டது. எழுந்து போகாமல் இரண்டு நிமிடம் காத்திருந்தேன். கண் மூடியபடியே குழந்தைகள் முனகுவதும் கை கால் உதைப்பதும் உண்டு; அந்த நேரத்தில் தூக்கினால் நாமே எழுப்பியவர்கள் ஆவோம். அவள் புரண்டாள், மூடிய கையால் முகத்தைத் தேய்த்தாள், தூங்கிவிட்டாள்.

பசிக்கான அந்த ஒரு பாலை அதுவரை தொடவே இல்லை. மற்ற விழிப்புகள் பெரும்பாலும் மறைந்த பிறகு, மருத்துவரின் சம்மதத்தோடு அதைக் கொடுக்கும் நேரத்தை ஓர் இரவு விட்டு ஓர் இரவு இரண்டு இரண்டு நிமிடமாகக் குறைத்தேன். ஐந்து நிமிடத்துக்குக் கீழே வந்ததும் நிறுத்தினேன். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு 20 அல்லது 30 மில்லி வீதம் குறைத்து, 60 மில்லிக்கு வந்ததும் நிறுத்தலாம். மெதுவாகக் குறைப்பது தாய்க்கும் வேண்டும்; சட்டென்று நிறுத்தினால் மார்பில் பால் கட்டி வலிக்கும். இரவில் குறைந்ததை அவள் பகலில் குடித்துக்கொண்டாள்.

கடைசி வரை பிடிகொடுக்காதது அதிகாலை 4 மணி விழிப்பு. அதற்குள் தூக்கத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது, மீண்டும் உள்ளே இழுக்கும் அழுத்தம் குறைவு. ஆகவே அந்த நேரத்தில் மட்டும் ஆட்டித் தூங்கவைப்பதைத் தொடர்ந்தோம். பகல் தூக்கத்தையும் அதே காரணத்தால் கடைசிக்கு ஒதுக்கினோம். அதுவரை பகலில் மடியிலேயே தூங்கினாள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றப் புகுந்தால் குழந்தைக்கும் பெற்றோருக்கும் தூக்கம் போதாமல் பாதியில் விட்டுவிட நேரும்.

இதை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இரவுப் பால் உண்மையான தேவை. எடை சரியாக ஏறாத குழந்தைக்கு அதற்குப் பின்னும் தேவை. பால் குடித்தபடி தூங்கி, இரவில் சில முறை எழும் குழந்தையோடு வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தால் மாற்றுவதற்கு எதுவுமே இல்லை. ஆனால் மாற்றாமல் தொடர்பவர்கள் ஒன்றில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். களைத்துப்போய்ச் சோபாவில் குழந்தையை மார்பில் போட்டபடி தூங்கிவிடுவது மூச்சடைப்பு ஆபத்து நிறைந்தது. ஊஞ்சல் இருக்கையிலோ கார் இருக்கையிலோ தூங்கவிடாமல், சமமான உறுதியான மெத்தையில் மல்லாந்து கிடத்த வேண்டும்.

11 மாதத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அந்த நாட்களில் எதையும் கணக்குப் பார்க்காமல் தூக்கி வைத்துக்கொண்டோம், கேட்டபோதெல்லாம் பால் கொடுத்தேன். காய்ச்சல் விட்ட பின்னும் மணிக்கொரு விழிப்பு தொடர்ந்தது. உடம்பு முழுதாகத் தேறும் வரை காத்திருந்துவிட்டு, மறுபடியும் படுக்கும் நேரத்தில் இருந்தே தொடங்கினோம். இந்த முறை நெஞ்சில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருந்ததே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.