டுவாஸ் உலர்துறைக் குறிப்புகள்

மார்ச் 3, சிங்கப்பூர்

துறையின் நீரை இறைத்து முடித்தபோது, கப்பல் கட்டைகளின் மேல் சரியாக அமர்ந்திருந்தது. கட்டைகளின் கீழ் மறையும் இடங்களில் வண்ணம் பூச முடியாது என்பதால், சென்ற முறை கட்டைகள் இருந்த இடங்கள் இம்முறை வெளியே தெரியும்படி வரிசையை நகர்த்தியிருக்கிறோம். அந்தச் சதுரங்களில்தான் கொட்டலசு மிக அடர்த்தியாக ஒட்டியிருக்கிறது. அது காய்ந்து இறுகினால் சுரண்டுவது பெரும்பாடு. ஆகவே உயர் அழுத்த நன்னீர் கழுவல் உடனே தொடங்கியது.

மார்ச் 4

தகடுகளின் தடிமனை மீயொலிக் கருவியால் அளந்தோம், கவலைப்பட ஒன்றுமில்லை. கவலை சுக்கானில்தான் இருந்தது. அதன் கீழ்முளைக்கும், அம்முளை சுழலும் உறையான புஷ்ஷுக்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சர்வேயரின் முன்னிலையில் ஃபீலர் கேஜால் அளந்தபோது, இடப்பக்கம் 1.2 மில்லிமீட்டர், வலப்பக்கம் 3.6, ஆக மொத்தம் 4.8 என்று வந்தது. தயாரிப்பாளர் அனுமதிக்கும் உச்சம் 6. வரம்புக்குள் இருக்கிறதே என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் இரண்டரை ஆண்டுகளுக்கு முந்தைய பதிவில் அது 2.8 மட்டுமே, இதே வேகத்தில் தேய்ந்தால் அடுத்த உலர்துறைக்குள் வரம்பைத் தாண்டிவிடும். புஷ்ஷை மாற்றுவதென்று முடிவாயிற்று. புதியது திரவ நைட்ரஜனில் சுருங்கிய பிறகே உள்ளே இறங்கும். துறை வாடகை கூடும் என்று அலுவலகம் முனகியது.

மார்ச் 6

கிரிட் பிளாஸ்டிங் நேற்றிரவு முடிந்து, தகடு சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது. காலையில் காற்று 29 டிகிரி, ஈரப்பதம் 88 சதவீதம். அப்படியானால் காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலை ஏறத்தாழ 26.8. தகட்டின் வெப்பமோ 28 டிகிரி. தகடு பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்க வேண்டும். இல்லையேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலத்தின் மேல் வண்ணம் அமர்ந்து, சில மாதங்களில் கொப்புளமாக எழும்பும். பூச்சுக்குழு அவசரப்பட்டாலும் நான் சம்மதிக்கவில்லை. வெயில் ஏறித் தகடு 35ஐத் தொட்ட பிறகு, இரவில் படிந்திருந்த மெல்லிய துருவை மீண்டும் பிளாஸ்ட் செய்து நீக்கி, முதல் பூச்சைத் தொடங்கினோம். தகட்டுக்குப் பதிலாகத் தாமே அரிபட்டு அதைக் காக்கும் துத்தநாக அனோடுகளைத் தாளால் மூடச் சொன்னேன். அவற்றின் மேல் வண்ணம் பட்டால் அவை வேலை செய்யா.

மார்ச் 9

புரொப்பெல்லர் அலகுகளை மெருகேற்றி, அடிப்பகுதிகளில் சிவப்புச் சாயமிட்டு விரிசல் தேடினோம், எதுவும் இல்லை. ஓர் அலகின் முனையில் மட்டும் குமிழிகள் அரித்த சிறு குழிகள் இருந்தன. அவற்றைத் தேய்த்துச் சமப்படுத்தினோம். புதிய புஷ்ஷின் இடைவெளி 1.6. அடிச்செருகிகளை மூடியதைச் சர்வேயர் பார்த்துக் கையொப்பமிட்டார். நாளை நீரைத் திறந்து, கப்பல் கட்டைகளை விட்டு எழும்புவதற்குச் சற்று முன்பே நிறுத்தி, எந்திர அறையின் கடல்வால்வுகள் ஒவ்வொன்றிலும் கசிவு உண்டா என்று பார்த்த பின்பே மிதக்கவிடுவோம்.