“மெதுவா வைங்க” என்ற பேச்சைக் கேட்டதால் போன செட்

இன்னும் வயிறு எரிகிறது. பொள்ளாச்சியில் ஜூலை மாதக் கிளப் டென்னிஸ் மேட்ச். 4-5, என் சர்வ், 30-30. செகண்ட் சர்வ் சர்வீஸ் லைனைத் தாண்டி ஒரு அடி வெளியே. 30-40இல் அடுத்தது நேராக நெட்டில். செட் முடிந்தது. இரண்டு தடவையும் வெளியிலிருந்து வந்த யோசனை ஒன்றுதான்: “உள்ள விழுந்தாப் போதுமுங்க, மெதுவா வைங்க!” நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் 30-30இல் பந்து வீணானது அந்த மெதுவால்தான்.

கணக்கைப் பாருங்கள். பேஸ்லைனிலிருந்து நெட் 39 அடி, நெட்டிலிருந்து சர்வீஸ் லைன் 21 அடி, மொத்தம் 60. நெட் நடுவில் 3 அடி உயரம். பந்து வளையாமல் நேர்கோட்டில் போய் லைனைத் தொட வேண்டுமானால் எட்டரை அடிக்கு மேலே அடிக்க வேண்டும். ஐந்தரை அடி ஆள் ராக்கெட்டோடு எட்டிப்பிடித்தாலும் அதற்குச் சற்றுக் கீழேதான். ஆக, நம்மைப் போன்றவர்களின் பந்து வளைந்துதான் உள்ளே விழ வேண்டும். ஈர்ப்பு விசையோடு சேர்ந்து அப்படி வளைப்பது டாப்ஸ்பின், அதாவது பந்து முன்னோக்கிச் சுழல்வது. டாப்ஸ்பின் வருவது ராக்கெட் வேகத்திலிருந்து. கையை மெதுவாக்கினால் முதலில் குறைவது ஸ்பின்தான். அப்புறம் நெட்டுக்கு மேலே தூக்கிவிட்ட பந்தைக் கீழே இழுக்க ஈர்ப்பு விசையைத் தவிர எதுவும் இல்லை. 30-30இல் வெளியே போனது அப்படித்தான்.

எனவே செகண்ட் சர்விலும் கை வேகம் முதல் சர்வ் அளவுக்கே இருக்கட்டும். மாற வேண்டியது ராக்கெட் போகும் திசை: முன்னால் தள்ளாமல், பந்தின் பின்பக்கத்தைக் கீழிருந்து மேலாக, கடிகார முகத்தில் 7இலிருந்து 1க்குத் தேய்ப்பது போல. கிரிப் காண்டினென்டல்தான், சுத்தியலைப் பிடிப்பது போல. அடிக்கப் பந்தை மேலே எறியும் டாஸ் முதல் சர்வைவிடக் கொஞ்சம் இடப்பக்கம், தலைக்கு நேர் மேலே (வலக்கைக்காரருக்கு). நெட்டுக்கு மேல் மூன்று அடியாவது விட்டுத் தாண்டட்டும். பார்க்க வெளியே போவது போலத் தெரியும், பயப்படாதீர்கள்.

சரியாக வந்ததா என்று காதே சொல்லிவிடும். ‘தட்’ என்று கேட்டால் தட்டையாக அடித்திருக்கிறீர்கள், ‘சர்ர்’ என்று உரசினால் ஸ்பின். பந்து குத்தியதும் எகிறி எதிராளியின் இடப்பக்கம் விலக வேண்டும். விலகாமல் சும்மா வந்தால் அது வெறும் மெது சர்வ், அவர் ஏறி வந்து அடிப்பார்.

30-40இல் நெட்டில் போனதற்குக் காரணம் வேறு. இங்கே தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து விடாமல் அடிக்கும். கோர்ட் பெரும்பாலும் வடக்கு-தெற்காகப் போட்டிருப்பதால் காற்று குறுக்கே வரும். வடக்கே பார்த்து சர்வ் போட்டால் டாஸ் வலப்பக்கம் நகரும், எகிறும் கிக் சர்வாக வர வேண்டியது பக்கவாட்டில் சுழலும் ஸ்லைஸாகிவிடும். தெற்கே பார்த்துப் போட்டால் இடப்பக்கம் போய்விடும், துரத்தினால் இடுப்புதான் வலிக்கும். அன்று நான் வடக்கே பார்த்து நின்றேன். ஏற்கெனவே ஒன்று வெளியே போன பயம் வேறு. நகர்ந்த டாஸைத் துரத்தி, பந்து இறங்கும் வரை காத்திருந்து, எங்கே விழுகிறது என்று பார்க்கத் தலையையும் கீழே போட்டேன். தலை விழுந்தால் தோளும் விழும், பந்து நெட்டுக்குத்தான் போகும்.

இதற்கு வழி சுலபம், ஆனால் பலரும் வெட்கப்பட்டுச் செய்வதில்லை: டாஸ் சரியில்லையா, ராக்கெட் வீசாமல் விட்டுவிடுங்கள், கையிலே பிடித்துக்கொண்டு மறுபடி போடலாம், ஃபால்ட் கிடையாது. வீசித் தவறினால் மட்டும்தான் ஃபால்ட். காற்று நாளில் டாஸைத் தாழ்த்துங்கள், நகர நேரம் குறையும்.

இலக்கும் முக்கியம். எதிராளிக்கு இடப்பக்கமான அட்வான்டேஜ் கோர்ட்டில் அவரது பேக்ஹேண்ட் ஓரமாக இருப்பதால் கோட்டைக் குறிவைக்கத் தோன்றும். ஓரத்துக்குப் போகப் போக நெட்டும் உயரும், கம்பத்தருகே மூன்றரை அடி. கோட்டிலிருந்து நான்கடி உள்ளே, அவரது இடது இடுப்பைப் பார்த்து அடித்தால் போதும், காற்று தள்ளினாலும் இடம் மிச்சம் இருக்கும்.

பயிற்சிக்கு, நெட்டின் இரு கம்பங்களிலும் மூங்கில் கட்டி, தரையிலிருந்து ஆறடி உயரத்தில் கயிறு இழுத்துக் கட்டினோம். பந்து கயிற்றுக்கு மேலே போய் சர்வீஸ் பாக்ஸுக்குள் விழ வேண்டும். முதல் நாள் பாதி வெளியேதான் போனது, கயிற்றைக் கண்டதும் எல்லோருக்கும் தள்ளத்தான் தோன்றுகிறது. அப்போது ஒரு பத்துப் பந்து முட்டி போட்டு அடித்துப் பாருங்கள். அந்த உயரத்திலிருந்து தள்ளினால் நெட்டைத் தாண்டாது, மேல்நோக்கி வீசித்தான் ஆக வேண்டும்.

போன வாரம் அதே கோர்ட், அதே போல வடக்கே பார்த்து, மறுபடி 30-40. முதல் டாஸ் நகர்ந்தது, பிடித்துக்கொண்டேன். “அட, போடுங்கண்ணா!” என்று சத்தம். இரண்டாவது டாஸில் முழு வீச்சு, ‘சர்ர்’. எதிராளியின் தோளுக்கு மேலே எகிறி, அவர் ஃபிரேமில் பட்டு வெளியே போனது. டியூஸ்.